சிம் தொலைந்தபின் வங்கிக்கு எழுதும் கடிதம்

வங்கிக் கவுண்டரில் இந்தக் கடிதம் பெரும்பாலும் இரண்டே வரியில் எழுதித் தரப்படுகிறது: "என் பழைய சிம் தொலைந்துவிட்டது. புதிய எண்ணைப் பதிவுசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்." எண் மாறுவதற்கு இது போதும், பணத்தைக் காப்பதற்குப் போதாது. சிம் தொலைந்தவர் வங்கியிடம் முதலில் சொல்லவேண்டியது, பழைய எண்ணை இனி நம்பவேண்டாம் என்பதைத்தான். அடுத்து, அப்படிச் சொன்ன நாளும் நேரமும் வங்கியின் சீலோடு உங்கள் கையில் இருக்கவேண்டும். புதிய எண்ணைக் கேட்பது இவற்றுக்குப் பிறகு வருவது. இந்த வரிசை மனத்தில் இருந்தால் கடிதம் தானாக அமைந்துவிடும்.

கடிதம் தேவைதானா?

சிம் உங்கள் பெயரில் இருந்தால் பெரும்பாலும் எண்ணை மாற்றவே வேண்டியதில்லை. அடையாளச் சான்றோடு தொலைபேசி நிறுவனத்தின் கடைக்குப் போனால் அதே எண்ணில் டூப்ளிகேட் சிம் கிடைக்கும். புதிய சிம் இயங்கத் தொடங்கியதும் பழைய சிம் செத்துவிடும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: சிம் மாற்றிய முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வராது, போகாது. வேறொருவர் உங்கள் பெயரைச் சொல்லி டூப்ளிகேட் சிம் வாங்கி ஓ.டி.பி.யைப் பிடிப்பதைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த ஏற்பாடு இது. ஓ.டி.பி. வரவில்லையே என்று பதறி, அந்த ஒரு நாளுக்குள் வங்கிக்கு ஓடி வேறு எண்ணைக் கொடுப்பவர்கள் உண்டு. பொறுத்தால் தீர்ந்துவிடும் விஷயம் அது.

கடிதம் தேவைப்படுவது அதே எண் திரும்பக் கிடைக்காதபோது. சிம் வேறொருவர் பெயரில் இருக்கலாம். அண்ணன் மகன் வாங்கித் தந்தது, வேலை பார்த்த நிறுவனம் கொடுத்தது, தெருமுனைக் கடைக்காரர் யாருடைய ஆதாரையோ வைத்துப் போட்டுத் தந்தது என்று நம் ஊரில் இதற்குக் கதைகள் ஏராளம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் எண் ரத்தாகியிருக்கலாம். அபூர்வமாக, நிறுவனமே இல்லாமல் போகலாம். 2018இல் ஏர்செல் முடங்கியபோது தமிழ்நாட்டில் எத்தனையோ பேருடைய வங்கி எண் அதோடு போனது. வேறு நிறுவனத்துக்கு மாற்றும் போர்ட் எண் கிடைத்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் வங்கிக் கிளை வாசலில் நின்றார்கள்.

எண் போனால் போகட்டும் என்று வங்கியில் சொல்லாமல் விடுவதுதான் இருப்பதில் மோசமான முடிவு. ரத்தான எண்ணை, குறைந்தது 90 நாள் கழித்து, நிறுவனம் வேறொரு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிடலாம். அதன்பின் உங்கள் சம்பளம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்ற குறுஞ்செய்திகள் யாரோ ஒருவர் போனில் விழும். ஓ.டி.பி.யும் அங்கேதான் போகும். அந்த மனிதர் எந்தத் தவறும் செய்யவில்லை; கடையில் காசு கொடுத்து ஒரு சிம் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை

கடிதம் எப்படி உருவாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டு வைத்தே பார்ப்போம். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். ஓய்வூதியக் கணக்கு, கடைசியாக வேலை பார்த்த மயிலாடுதுறையில் இருக்கிறது. இப்போது மகளோடு கும்பகோணத்தில் வசிக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்குப் பேருந்தில் கைப்பை காணாமல் போகிறது. பைக்குள் போன், ஏ.டி.எம். கார்டு, ஆதார் ஜெராக்ஸ். சிம், துபாயில் வேலை செய்யும் அண்ணன் மகன் பெயரில் இருக்கிறது. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, அதற்கடுத்து ஞாயிறு. கிளை திறக்க முழுதாக இரண்டு நாள் இருக்கிறது.

இதில் ஆபத்து எங்கே என்று புரிந்துகொள்ள வேண்டும். போனுக்குப் பூட்டு போட்டிருந்தேன் என்று பலர் ஆறுதல் கொள்வார்கள். போனின் பூட்டு சிம்மைக் காக்காது. சிம்மை உருவி வேறு போனில் போட்டால், சிம்முக்கென்று தனியாகப் பின் எண் வைத்திருந்தால் ஒழிய, ஓ.டி.பி. அங்கே வரத் தொடங்கும். ஓ.டி.பி. மட்டும் வைத்துக்கொண்டு பணத்தை எடுக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் யு.பி.ஐ. பின்னை மாற்ற டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கம், காலாவதி மாதம், ஓ.டி.பி. ஆகியவை வேண்டும், ஆதார் வழியாக மாற்றுவதாக இருந்தால் ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் வேண்டும். ஆசிரியையின் கைப்பையில் இவை எல்லாமே ஒன்றாக இருந்தன. தனியாகத் தொலைந்த சிம்மை விட, கார்டோடும் ஆதார் நகலோடும் தொலைந்த சிம் பல மடங்கு ஆபத்தானது.

ஆகவே கடிதத்துக்கு முன்னால் செய்யவேண்டியவை மூன்று. மகளின் போனிலிருந்து அண்ணன் மகனுக்குச் சொல்லி, அவர் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு சிம்மை முடக்கவைத்தார்கள். சிம் அவர் பெயரில் இருப்பதால் அவர் சொன்னால்தான் எடுபடும். பிறகு வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துக் கார்டை முடக்கினார்கள், யு.பி.ஐ.யையும் மொபைல் பேங்கிங்கையும் நிறுத்தச் சொன்னார்கள், கோரிக்கை எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மூன்றாவதாக, வங்கியில் ஏற்கெனவே பதிவான மின்னஞ்சலிலிருந்து அதே செய்தியை நான்கு வரியில் அனுப்பினார்கள். கிளை மூடியிருந்த இரண்டு நாளுக்கும் அந்த மின்னஞ்சல்தான் சாட்சி.

சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். மோசடிக்காரர்கள் வங்கியின் பெயரில் தங்கள் எண்ணைப் போட்டு வைத்துக் காத்திருப்பது அங்கேதான். பாஸ்புக்கில் இருக்கும் எண், வங்கியின் சொந்தத் தளத்தில் இருக்கும் எண், இவை இரண்டைத் தவிர வேறு எதையும் நம்பவேண்டாம். போன் தொலைந்ததற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்வதும் நல்லது. எல்லா வங்கிகளும் அதைக் கேட்பதில்லை. ஆனால் கேட்கும் மேலாளரிடம் அதைக் காட்ட முடியாவிட்டால் இன்னொரு நாள் அலையவேண்டும். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்று தெரிந்தால் கடிதம், ரசீது எதற்கும் காத்திராமல் உடனே 1930க்கு அழைக்கவேண்டும்.

கடிதம்

திங்கட்கிழமை ஆசிரியை எடுத்துச் சென்ற கடிதம் இது. எண்களின் நடுவே புள்ளி வைத்திருக்கிறேன். நீங்கள் முழுதாக எழுதவேண்டும்.

அனுப்புநர்
(பெயர், பாஸ்புக்கில் உள்ளபடி)
(கதவு எண், தெரு)
கும்பகோணம்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
(வங்கியின் பெயர்),
மயிலாடுதுறை கிளை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: தொலைந்த சிம்மின் எண்ணைப் பதிவிலிருந்து நீக்கிப் புதிய கைபேசி எண்ணைப் பதிவுசெய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கு எண் ••••••4417. 2. வாடிக்கையாளர் எண் ••••••902. 3. வாடிக்கையாளர் சேவை மையத்தில் 12.06.2026 இரவு 7.40க்குப் பதிவான கோரிக்கை எண் ••••••.

மேற்கண்ட கணக்கை உங்கள் கிளையில் வைத்திருக்கிறேன். இதே வாடிக்கையாளர் எண்ணின்கீழ் ஒரு வைப்புநிதியும் உள்ளது. என் கணக்கில் பதிவாகியுள்ள 98••• ••210 என்ற எண்ணின் சிம், கைபேசியோடும் ஏ.டி.எம். கார்டோடும் 12.06.2026 வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணியளவில் கும்பகோணத்தில் பேருந்தில் தொலைந்துவிட்டது. சிம் அன்று இரவு 7.15க்கும், கார்டு 7.40க்கும் முடக்கப்பட்டன. அந்த எண் எனக்குத் திரும்பக் கிடைக்க வழியில்லை.

எனவே, 98••• ••210 என்ற எண்ணை என் வாடிக்கையாளர் பதிவிலிருந்தும், அதன்கீழ் உள்ள எல்லாக் கணக்குகளிலிருந்தும் உடனே நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த எண்ணுக்கு இனி ஓ.டி.பி.யோ கணக்கு விவரமோ அனுப்பவேண்டாம். அந்த எண்ணிலிருந்து வரும் எந்தக் கோரிக்கையையும் என்னுடையதாக ஏற்கவேண்டாம். அந்த எண்ணில் இயங்கிய யு.பி.ஐ., மொபைல் பேங்கிங் சேவைகளை நிறுத்திவைக்கவும் வேண்டுகிறேன்.

12.06.2026 காலை 11 மணியளவில் ஏ.டி.எம்.மில் எடுத்த ரூ.3,000 நான் கடைசியாகச் செய்த பரிவர்த்தனை. மாதந்தோறும் தானாகப் பிடிக்கப்படும் காப்பீட்டுப் பிரீமியம் நீங்கலாக, அதன்பின் கணக்கிலிருந்து பணம் சென்றிருந்தால் அது என் அனுமதியின்றிச் சென்றதாகும்.

என் பெயரில் வாங்கியுள்ள 94••• ••586 (ஒன்பது நான்கு … ஐந்து எட்டு ஆறு) என்ற எண்ணை இனி என் பதிவு எண்ணாக ஏற்றுக்கொள்ளும்படியும், மாற்றம் முடிந்ததும் இந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வழியாகத் தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மயிலாடுதுறை
நாள்: 15.06.2026

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பாஸ்புக் முதல் பக்க நகல், ஆதார் நகல், பான் நகல், காவல் நிலைய ரசீது நகல்.

ஒவ்வொரு வரியும் எதற்கு

தமிழில் எழுதலாமா என்று தயங்கவேண்டாம். தமிழ்நாட்டுக் கிளையில் தமிழ்க் கடிதம் செல்லும். ஆங்கிலத்தில் தப்பும் தவறுமாக எழுதி, எந்த எண்ணை நீக்கச் சொல்கிறோம் என்பது குழம்புவதை விடத் தெளிந்த தமிழே மேல். கையெழுத்தும் வங்கிப் பதிவில் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே இருக்கவேண்டும்.

வாடிக்கையாளர் எண் முக்கியமானது. சில வங்கிகள் இதை சி.ஐ.எஃப். எண் என்றும் சில கஸ்டமர் ஐ.டி. என்றும் சொல்லும், பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருக்கும். கைபேசி எண் ஒவ்வொரு கணக்கிலும் தனித்தனியாக எழுதி வைக்கப்படுவது அல்ல, பெரும்பாலும் இந்த எண்ணோடுதான் ஒட்டியிருக்கிறது. அதனால்தான் கடிதம் கணக்கைக் குறிப்பிடுவதோடு நில்லாமல் வாடிக்கையாளர் பதிவை மாற்றச் சொல்கிறது. ஒருவருக்கே இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருப்பதும் உண்டு. வங்கிகள் இணைந்தபோது பழைய வங்கியில் ஒன்று, புதியதில் ஒன்று என்று தங்கிவிட்டிருக்கும். அப்படியானால் ஒன்றில் எண் மாறி மற்றதில் பழையதே நிற்கும். வைப்புநிதி, கடன், லாக்கர் எதுவாக இருந்தாலும் கடிதத்தில் பெயர் சொல்லிவிடுங்கள். கூட்டுக் கணக்கில் ஒவ்வொருவருக்கும் தனி வாடிக்கையாளர் எண் உண்டு. கணவரின் எண் மாறியதால் மனைவியின் எண் மாறாது.

கடைசிப் பரிவர்த்தனையைச் சொல்லும் பத்தியைப் பெரும்பாலான மாதிரிக் கடிதங்களில் பார்க்க முடியாது. எனக்கு இந்தக் கடிதத்தின் உயிரே அதுதான் என்று தோன்றுகிறது. 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனையில் யார் எவ்வளவு நட்டத்தை ஏற்பது என்று வரையறுத்தது. அதன்படி, தவறு வங்கி மேலும் இல்லாமல் வாடிக்கையாளர் மேலும் இல்லாமல் வேறெங்கோ நடந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் வாடிக்கையாளர் தெரிவித்துவிட்டால் அவருக்கு நட்டமே இல்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணமானாலும், அவர் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். நீங்கள் எப்போது தெரிவித்தீர்கள் என்ற கேள்வியில்தான் வழக்கு நிற்கும். எது உங்களுடையது, எந்த மணிக்குப் பின் உங்களுடையது அல்ல என்று முதல் கடிதத்திலேயே எழுதியவர், பிறகு நினைவிலிருந்து சொல்பவரை விட வலுவான இடத்தில் இருக்கிறார். தானாகப் பிடிக்கப்படும் தவணைகளை மறக்காமல் விலக்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் காப்பீட்டுப் பிரீமியத்தையே மோசடி என்று சொன்னதாகிவிடும்.

புதிய எண்ணை இலக்கத்திலும் எழுத்திலும் எழுதுவது பழைய பழக்கம்தான். ஆனால் கையால் எழுதிய 1ம் 7ம் கவுண்டரில் ஒன்றுபோலத் தெரியும். ஓர் இலக்கம் மாறிப் பதிவானால் உங்கள் ஓ.டி.பி. முன்பின் தெரியாதவருக்குப் போகும். சிம் தொலைந்தபோது இருந்த அதே நிலைக்குத் திரும்பிவிடுவீர்கள்.

எழுதக் கூடாதவையும் உண்டு. ஏ.டி.எம். பின், கார்டின் முழு எண், பின்புறத்து மூன்று இலக்கம், நெட் பேங்கிங் கடவுச்சொல் எதற்கும் இந்தக் கடிதத்தில் வேலையில்லை. ஆதார், பான் நகல்களில் கையெழுத்துப் போடும்போது குறுக்கே, "கைபேசி எண் மாற்றத்துக்கு மட்டும், 15.06.2026" என்று எழுதிவிடுங்கள். நகல் வேறு கைக்குப் போனாலும் வேறு வேலைக்குச் சுலபமாகப் பயன்படாது.

கவுண்டரில்

கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துச் செல்லுங்கள். பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குப் பின் ஏதாவது பணம் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போயிருந்தால் இந்தக் கடிதத்தோடு தனியாக ஒரு புகாரும் எழுதவேண்டும்.

பெரும்பாலான கிளைகளில் இதற்கென ஓர் அச்சிட்ட படிவம் இருக்கும். ஆசிரியையிடமும் அதைத்தான் கொடுத்தார்கள்.

"லெட்டர் எதுக்கும்மா? இந்த ஃபார்மை ஃபில்லப் பண்ணிக் குடுங்க, போதும்."

"ஃபார்ம் தர்றேன் சார். லெட்டரையும் அதோட வெச்சுக்கங்க. இந்தக் காப்பில மட்டும் சீல் போட்டுக் குடுங்க."

அவர் கேட்டது சரி. படிவத்தில் பழைய எண், புதிய எண், கையெழுத்து இவற்றுக்குத்தான் கட்டம் இருக்கும். சிம் எப்போது தொலைந்தது, எதை நிறுத்தச் சொன்னீர்கள் என்பதற்கு அதில் இடம் கிடையாது. படிவம் வங்கியின் வேலைக்கு, கடிதம் உங்கள் பாதுகாப்புக்கு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, உங்கள் பிரதியில் கிளையின் சீல், தேதி, வாங்கியவரின் கையெழுத்து மூன்றும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நேரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள், பொதுவாக மறுக்கமாட்டார்கள்.

கிளைக்குள் நடப்பது எளிமையானது. அதிகாரி உங்கள் கையெழுத்தைக் கணினியில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவார். ஒருவர் புதிய எண்ணைப் பதிவுசெய்ய, இன்னொருவர் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவார். ஒப்புதல் தரவேண்டியவர் விடுப்பில் இருந்தால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். தாமதத்துக்குப் பாதி நேரம் காரணம் இதுதான்.

கடிதம் திரும்பி வருவதற்கு முதல் காரணம் கையெழுத்து. இருபது வருடத்துக்கு முன் கணக்குத் தொடங்கும்போது போட்ட கையெழுத்தும் இன்று நடுங்கும் விரலால் போடும் கையெழுத்தும் ஒத்துப்போகாது. அப்படி நேர்ந்தால் வாக்குவாதத்தில் இறங்காமல், அடையாளச் சான்றைக் காட்டி மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பிக்கும் படிவத்தை அங்கேயே கேட்டு வாங்குங்கள். இரண்டாவது காரணம், பெயர். பாஸ்புக்கில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால் என்று இருப்பது இங்கே சகஜம். பான் அட்டையையும் காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூன்றாவது, கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் இருப்பது. அப்போது எண்ணை மாற்றும் முன் கே.ஒய்.சி. படிவமும் கேட்பார்கள்.

கும்பகோணத்திலேயே அதே வங்கியின் கிளை இருக்க, மயிலாடுதுறைக்கு ஏன் போகவேண்டும்? சில வங்கிகள் எந்தக் கிளையிலும் எண்ணை மாற்றித் தரும், சில கணக்குள்ள கிளைக்கே போகச் சொல்லும். அருகில் உள்ள கிளையில் முதலில் கேளுங்கள். மாற்ற முடியாது என்றாலும் கடிதத்தை வாங்கி சீல் போட்டுத் தரச் சொல்லலாம். வங்கி ஒன்றுதான், தெரிவித்த நேரம் பதிவாகிவிடும். ஏ.டி.எம்.மிலோ நெட் பேங்கிங்கிலோ மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னால், அந்த வழி பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்புமா என்று கேளுங்கள். பல வங்கிகளில் அனுப்பும். சிம் தொலைந்தவருக்கு அது மூடிய கதவு.

படுக்கையில் இருப்பவர்களுக்காக ஒரு தகவல். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து கே.ஒய்.சி. ஆவணம் பெறுவது போன்ற அடிப்படைச் சேவைகளைத் தரும்படி ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. கடிதத்தை மகன் மூலம் கொடுத்தனுப்பினால் வங்கி ஏற்காது, ஏற்கவும் கூடாது. இந்தச் சேவையைக் கேளுங்கள்.

மாறிவிட்டதா?

ஒப்புதல் முடிந்ததும் புதிய எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். அதை மட்டும் நம்பி இருந்துவிடாமல் நீங்களே சோதித்துப் பாருங்கள். பெரும்பாலான வங்கிகளில் மிஸ்டு கால் கொடுத்து இருப்பைத் தெரிந்துகொள்ளும் வசதி இருக்கிறது. பதிவான எண்ணிலிருந்து அழைத்தால்தான் பதில் வரும். புதிய எண்ணிலிருந்து அழைத்து உங்கள் இருப்பு வந்தால் எண் ஏறிவிட்டது. சில வங்கிகளில் இந்த வசதிக்கு ஒருமுறை பதிவுசெய்ய வேண்டியிருக்கும். பதில் வராவிட்டால் அதைச் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு நூறு ரூபாயைக் கணக்கில் கட்டி, வரவுச் செய்தி எந்த எண்ணுக்கு வருகிறது என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

எண் மாறிய உடனே பெரிய தொகையை அனுப்ப முடியாமல் போனால் பயப்படவேண்டாம். பல வங்கிகள் எண் மாற்றத்துக்குப் பின் சிறிது காலத்துக்குப் பரிமாற்ற வரம்பைக் குறைத்து வைக்கின்றன. திருடனே எண்ணை மாற்றியிருந்தால் அந்த அவகாசம் உங்களைக் காக்கும். மருத்துவமனைக் கட்டணம்போல அவசரச் செலவு இருந்தால் கிளையிலேயே பணமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரமாகியும் மாறவில்லையென்றால் சீல் வைத்த பிரதியோடு மேலாளரைப் பாருங்கள். அதற்கும் பலனில்லை என்றால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். பிரதியின் நகலை இணைத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் அதற்கும் ரசீது இருக்கும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் தரலாம். வழி தெரியாவிட்டால் 14448இல் கேட்கலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது, நீங்கள் வங்கிக்கு எழுதிய கடிதம் எங்கே என்பதுதான்.

இந்த ஒரு கடிதம் மாற்றாதவை

வங்கி தன் பதிவில் உள்ள எண்ணை மட்டுமே மாற்றும். யு.பி.ஐ. செயலியைப் புதிய சிம் உள்ள போனில் முதலிலிருந்து பதிவுசெய்ய வேண்டும். செயலி அந்த சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியைத் தானே அனுப்பி எண்ணை உறுதிசெய்வதால், சிம் அந்தப் போனிலேயே இருக்கவேண்டும், குறுஞ்செய்தி அனுப்பப் பேலன்ஸும் இருக்கவேண்டும். வேறு வங்கிகளில் கணக்கோ கடன் அட்டையோ இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம் எழுதவேண்டும்.

பலரும் விட்டுவிடுவது ஆதாரை. வங்கியில் எண் மாறியதால் ஆதாரில் எண் மாறாது, ஆதார் ஓ.டி.பி. பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். ஆதாரில் கைபேசி எண்ணைக் கடிதம் எழுதி மாற்ற முடியாது, கைரேகை போன்ற நேரடி அடையாளச் சரிபார்ப்பு வேண்டும். ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போங்கள், கட்டணம் 75 ரூபாய்.